கணவர் செல்லசாமி, பிள்ளைகள் இரண்டு

டயகம தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்துவிட்டு வேலையிலிருந்து நின்ற பூரணிக்கு, ஈ.பி.எஃப் பணம் வங்கிக் கணக்கில் விழுந்தது. எடுக்கப் போனவளிடம், உங்கள் பேரில் மூன்றரை இலட்சம் கடன் கட்டாமல் கிடக்கிறது, அது தீரும்வரை பணத்தில் கைவைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் இருக்கும் லயத்து வீட்டுக் கூரைக்குத் தகரம் மாற்ற வேண்டும். மிச்சத்தை வைத்துத்தான் சாகும்வரை சாப்பாடு. கடனாம் கடன்! அவள் கடையில் சீனிகூடக் கடன் சொன்னதில்லை.

எப்படி நடந்தது என்பதில் பெரிய மர்மமில்லை. நாலு வருஷத்துக்கு முன், வீட்டுத் திட்டத்துக்குப் பெயர் பதிகிறேன் என்று ஒருவன் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கு வந்து அடையாள அட்டைப் பிரதி கேட்டான். நம்ம ஆட்களுக்கு வீடு என்று சொன்னால் போதுமே! நீ யார் என்று ஒருத்தராவது கேட்டிருக்கக் கூடாதா? லயமே வரிசையில் நின்று கொடுத்தது.

வங்கி உத்தியோகத்தர் தனுஷிகா, கடன் கொடுத்த கிளையிலிருந்து விண்ணப்பத்தை வரவழைத்துக் காட்டினாள். அட்டை இலக்கம் பூரணியுடையது, படத்தில் வேறு யாரோ ஒருத்தி, கையெழுத்து சிங்களத்தில். விலாசம் கினிகத்தேனை. கணவர் செல்லசாமி, பிள்ளைகள் இரண்டு. பூரணிக்குக் கல்யாணமே ஆகவில்லை. படுக்கையில் கிடந்த தாயைப் பார்த்தே வயசு போயிற்று. தாயும் போய் ஒன்பது வருஷம்.

பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, கையெழுத்து மாதிரி, கிராம சேவகரின் சான்றிதழ், கூடவே ஒரு மறுப்புக் கடிதம், இவ்வளவும் வேண்டும் என்றாள் தனுஷிகா. கிராம சேவகர் ஒன்றும் கேட்கவில்லை. மணமாகாதவர், தனியாக வசிப்பவர் என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். தெரிந்த விஷயம்தானே. ஆனாலும் பஸ்ஸில் அந்தத் தாளை எழுத்து உள்ளே போகும்படி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள் பூரணி. தன் பணத்தை மீட்க, தனக்கென்று யாருமில்லை என்பதையல்லவா ஒவ்வொரு மேசையிலும் நிரூபிக்க வேண்டியிருக்கிறது!

முடிவைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதம் விசாரித்து, கடனை அவள் பேரிலிருந்து நீக்கினார்கள். கடன் தகவல் பணியகத்துக்கும் திருத்தி அறிவித்தார்கள். பணம் கைக்கு வந்தது. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது மறுப்புக் கடிதம் எழுதிய அந்த நாள்தான்.

தனுஷிகாவே எழுதி வாசித்துக் காட்டினாள். இந்தக் கடனை நான் எடுக்கவில்லை. அந்தக் கையெழுத்து என்னுடையதல்ல. எனக்குக் கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை.

பூரணி பேனாவை வாங்கியவள், கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“கடைசி வரிய மட்டும் மாத்தலாங்களா மிஸ்? இல்லன்னு போடாம, வாய்க்கலன்னு போட்டா ஆகாதுங்களா?”

தனுஷிகா தாளை அவள் பக்கம் நகர்த்தினாள். “வாய்க்கலன்னு போட்டா மேல கேள்வி கேப்பாங்க பூரணியக்கா. இல்லன்னு இருந்தாத்தான் கடன நீக்குவாங்க.”

“அப்ப இருக்கட்டுங்க” என்று பூரணி தமிழில் தன் பெயரை எழுதினாள்.