பூசணிக்காய்க்குப் பின்னால் ஒரு வயர்

எங்கள் பசுமலை சபையில் ஒரு புதுப் பாட்டு, பாட்டுப் புத்தகத்தில் ஏறுவது எம்.எல்.ஏ. சீட் வாங்குவதைவிடச் சிரமம். பாடகர் குழுவை நடத்தும் கணக்கு வாத்தியார், தானே எழுதி மெட்டுப்போட்ட பாட்டோடு மூன்று வருடமாகக் காத்திருந்தார். கடைசியில் கமிட்டிச் செயலாளர் ஒரு வழி சொன்னார். விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகை ஆராதனையில் சபை மொத்தமும் அதைப் பாடட்டும்; பாடிவிட்டால் புதிய பதிப்பில் சேர்ப்போம், தடுமாறினால் பிறகு பார்ப்போம். கமிட்டி மொழியில் 'பிறகு பார்ப்போம்' என்றால் பாட்டைப் புதைக்கும் அடக்க ஆராதனை.

புத்தகத்தில் இல்லாத பாட்டைச் சபை எதைப் பார்த்துப் பாடும்? பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய டிவி இருந்தது. நானும் இருந்தேன்.

"பாட்டை ஸ்லைடாப் போட்டு, என் போன்ல இருந்து டிவிக்கு மிரர் பண்ணிரலாம் சார். வயரே வேணாம். கடைசி பெஞ்ச்ல உக்காந்தே மாத்திருவேன்."

கடைசி பெஞ்ச் என்றதில் தொழில்நுட்பம் மட்டும் இல்லை. ஆராதனை முடிந்ததும் பிரியாணிப் பந்திக்கு ஓட அதுதான் கிட்டத்து வாசல்.

சனிக்கிழமை ஒத்திகையில், கீபோர்டு வாசிக்கும் என் நண்பன் முதலில் கண்டுபிடித்தான்.

"மாப்ள, நீ போன்ல தேச்சுக் கொஞ்ச நேரங்கழிச்சுத்தான்டா டிவியில வருது."

"அரை செகண்டுடா. போன் படத்தைச் சுருக்கி அனுப்பணும், டிவி அதை விரிச்சுக் காட்டணும்."

"எங்க வீட்ல படம் போட்டா அப்டித் தெரியலையே?"

"அது காஸ்ட் பண்றது. டிவியே நெட்டுல இருந்து எடுத்து ஓட்டிக்கிரும், போன் வெறும் ரிமோட்டு. இது மிரர். போன்ல தெரியிறது அம்புட்டும் அந்தரத்துல போய்ச் சேரணும்."

"அப்ப அரை செகண்டு முன்னாடியே தேச்சிரு தம்பி" என்றார் வாத்தியார். கணக்கு முடிந்தது. ஆளில்லாத கோயிலில் எல்லாக் கணக்கும் சரியாகத்தான் வந்தது.

ஞாயிறு காலை ஆறு மணி ஆராதனைக்குக் கோயில் நிரம்பி வழிந்தது. வைஃபை கடவுச்சொல்லை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவைத்த சபை எங்களுடையது. என் போனும் டிவியும் நம்பியிருந்த அதே வைஃபையில் பாதிச் சபை தொங்கியது. முன்வரிசை அத்தைகள் இருவர் துபாய் உறவினருக்கு நேரலை காட்டிக்கொண்டிருந்தார்கள். அரை நொடி இரண்டு நொடியானது. தேய்த்தேன், படம் நகரவில்லை. பதறி மறுபடி தேய்த்தேன். இரண்டு தேய்ப்பும் சேர்ந்தே போய்ச் சேர, ஒரு சரணத்தையே டிவி தாண்டிவிட்டது. பாடகர் குழு இரண்டாம் சரணத்தில், முன்வரிசை மூன்றாம் சரணத்தில், பின்வரிசை வாயை மூடிய பக்தியில்.

ஆராதனை முடிந்ததும் வாத்தியார் நேரே என்னிடம் வந்தார்.

"ஒம்பது மணி ஆராதனைக்குத்தான் செயலாளர் வாராரு. இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கு. என்ன செய்யலாம், தம்பி?"

வயர். சொல்லவே வாய் கூசியது. ஞாயிறு பள்ளி அலமாரியில் ஒரு எச்.டி.எம்.ஐ. வயர் கிடந்தது, போனில் சொருகும் குட்டி அடாப்டர் என்னிடம் இருந்தது. சொருகினேன். 'சிக்னல் இல்லை' என்றது டிவி. என் போனின் ஓட்டைக்குச் சார்ஜ் ஏறத் தெரியும், படத்தை வெளியே விடத் தெரியாது. நண்பனின் போனும் அதே ஜாதி.

"ரெண்டு பேரும் பவுசாப் பேசுறீங்க, போனு பேச மாட்டேங்குதே" என்று போதகர் தன்னுடையதை நீட்டினார். வெளிநாட்டு மகள் அனுப்பிய விலை உயர்ந்த போன். அவர் அதில் அலாரம் மட்டும் வைப்பார். சொருகியதும் டிவியில் படம் வந்தது. தேய்த்தால் அதே கணம் மாறியது. ஸ்லைடுகளை அதற்கு அனுப்பிவைத்தேன்.

"நடுவுல மெசேஜ் வந்தா?" என்று கேட்டார்.

"சபையே வாசிக்கும், ஐயா."

அவரே ஃப்ளைட் மோடுக்கு மாற்றினார்.

ஒரே குறை, வயர் ஒன்றரை மீட்டர்தான். ஆகவே ஒன்பது மணிக்கு, காணிக்கையாக வந்து குவிந்த கரும்புக்கும் வாழைத்தாருக்கும் நடுவே, டிவிக்குக் கீழே, மொத்தச் சபையையும் பார்த்தபடி நான் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். வயரை ஒரு பூசணிக்காய் மறைத்தது. என்னையும் காணிக்கை என்று நினைத்தவர்கள் இருக்கலாம்.

முதல் சரணத்தில் சபை தயங்கியது. இரண்டில் பிடித்துக்கொண்டது. மூன்றாவதில் வாத்தியார் கையை இறக்கிவிட்டார். சபை தானாகவே பாடிப் போனது.

ஆராதனை முடிந்ததும் செயலாளர் வந்தார்.

"வயரே இல்லாம இம்புட்டுச் சுத்தமா வருதே! காலையில சொதப்புச்சுன்னு யாரோ கதை விட்டாய்ங்க."

நான் பூசணிக்காயைப் பார்த்து வாயைத் திறந்தேன். வாத்தியார் என் காலை மிதித்தார்.

"பாட்டு, சார்?" என்று கேட்டார்.

"சேத்துருவோம் சார். சபையே பாடிருச்சே."

வயரைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டு நாங்கள் போனபோது கடைசிப் பந்தியில் குஸ்காதான் மிச்சம். வாத்தியார் கறி இல்லாததைக் கவனிக்கவே இல்லை. இடது கையால் மேசையில் தாளம் போட்டபடி சாப்பிட்டார், ஒரு நொடியும் பிந்தாமல்.