வாரிஜாக்காவின் தோரணத்துக்கு ஒரு நன்றி

கர்நாடகத்தில் கார்க்களா ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பள்ளியில் சீனப்ப பூஜாரி விளையாட்டு ஆசிரியர். பதினெட்டு வருடமாக மைதானத்தில் விசில் ஊதியவர், மேடையேறிப் பேசியதில்லை. இரண்டு நாள் நடக்கும் ஆண்டு விழாவின் முதல் நாள் மாலை, மண்டபத்தை அலங்கரித்தவர்களுக்கு நன்றி சொல்லும் வேலை அவர் தலையில் விழுந்தது. வழக்கமாகச் சொல்லும் கன்னட ஆசிரியைக்குத் தொண்டை கட்டிவிட்டது.

தலைமையாசிரியை பிரமீளா கொடுத்த சீட்டில் ஒரே வரி: பெற்றோர், பழைய மாணவர், ஊரார் அனைவருக்கும் நன்றி. இப்படிச் சொன்னால் யாருக்கும் தனக்குச் சொன்னதாகத் தோன்றாது என்று சீனப்பருக்குப் பட்டது. அலங்காரம் நடந்த இரண்டு நாளும் ஏணி பிடித்து நின்றவர் அவர். மத்தியானம் மண்டபத்தைச் சுற்றிவந்து, யார் எதைச் செய்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஏழு பெயர். உரக்கப் படித்து நேரம் பார்த்தார், மூன்றரை நிமிடம். புகழ்மொழிகளை வெட்டினார். சிறப்பு விருந்தினருக்கு நன்றி சொல்ல வேறு ஆள் இருந்ததால் அதையும் அடித்தார். இரண்டு நிமிடத்துக்கு வந்தது.

ஏழாவது பெயரில்தான் சிக்கல். மாணவி ஒருத்தியின் அம்மா வாரிஜாக்கா ஒரு பகல் முழுக்கக் கட்டிய மாவிலைத் தோரணம் மேடையில் பள்ளிப் பெயரை மறைத்தது. அதைக் கழற்றி வாசலில் கட்டியதும் அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். சபையில் ஏதாவது சொல்லிவிடுவார், அந்தப் பெயர் வேண்டாம் என்றார் பிரமீளா. சீனப்பர் அதை அடிக்கவில்லை.

மகள் ஆடுகிறாள் என்பதால் வாரிஜாக்கா மாலையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

விளக்கேற்றி உரைகள் முடிந்ததும், நடனத்துக்கு முன்னால் சீனப்பரை அழைத்தார்கள். கூரையில் காகிதச் சங்கிலி, தூண்களில் கமுகம்பூ, மேடைப் படியில் கோலம் என்று ஒவ்வொன்றாகக் கைகாட்டி, செய்தவர் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னார். அது மைதானத்து ஆணை போலவே ஒலித்தது. சபை சிரித்தபடி தலைதூக்கிப் பார்த்தது.

கடைசியாக வாசல் பக்கம் கைகாட்டினார். "நீங்க எல்லாரும் ஒரு தோரணத்துக்குக் கீழதான் உள்ள வந்தீங்க. மேடைக்குன்னு கட்டினது அது. கட்டினவங்களக் கேக்காம நாங்கதான் வாசலுக்கு மாத்திட்டோம். வாரிஜாக்கா, கொஞ்சம் எழுந்திருங்க."

அவர் எழவில்லை. உட்கார்ந்தபடியே பதில் வந்தது. "கேட்டிருந்தா நானே கழட்டித் தந்திருப்பேன், மாஸ்டரே."

"தப்புதான்க்கா. இனிமே கேட்டுட்டுத்தான் கை வைப்போம்."

"அப்படின்னா எழுந்துக்கறேன்."

அவர் எழுந்ததும் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அந்தச் சந்தோஷத்தில் சீனப்பருக்கு முடிவு வரி மறந்துவிட்டது. மைதானத்து வாய்ப்பழக்கத்தில் "கலையலாம்" என்று சொல்லிவிட்டார். முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்கள். பிரமீளா ஓடிவந்து மைக்கைப் பிடித்து எல்லோரையும் உட்காரவைத்தார்.

மறுநாள் காலை வாடிய பூக்களை மாற்ற ஏழு பேரும் வந்துவிட்டார்கள். வாரிஜாக்கா எங்கே கட்ட வேண்டும் என்று தெளிவாகக் கேட்டுக்கொண்ட பிறகே கூடையைத் திறந்தார்.