ஆறு ஸ்டூலும் என் கணுக்காலும்

மட்டக்களப்பு நகரத்தில் நான் வேலை செய்யும் புடவைக் கடையில் நாங்கள் ஆறு பெண்கள். காலை ஒன்பது மணிக்கு ஷட்டர் ஏறினால் மாலை ஏழு மணிக்கு அது இறங்கும் வரை நிற்க வேண்டும். கடையில் இருக்கை இல்லாமல் இல்லை. புடவை பார்க்க வருகிறவர்களுக்கு மெத்தை போட்ட நீள வாங்கு இருந்தது. காசுமேசையில் முதலாளியின் மனைவிக்குச் சுழல்கதிரை இருந்தது. எங்களுக்குத் தரை மட்டும்தான், அதுவும் நிற்பதற்கு. வேலைக்காரப் பெண் உட்கார்ந்திருந்தால் கடை தூங்குகிறது என்று சனம் நினைக்குமாம். இது முதலாளியின் ஞானம். பதினொரு வருடம் அந்த ஞானத்தை என் இரண்டு காலிலும் சுமந்திருக்கிறேன்.

ஷட்டர் பாதி இறங்கியதும் எங்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. புடவைக் கட்டுகளின் மேல் வரிசையாக உட்கார்ந்து செருப்பைக் கழற்றுவோம். கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பு இருக்கும் இடத்தில், பெருவிரலால் நன்றாக அழுத்திப் பிடித்து எடுப்போம். குழி விழும். யாருடைய குழி நிரம்ப அதிக நேரம் எடுக்கிறதோ அவள்தான் அன்றைக்கு வெற்றி. எப்போதும் நான்தான் வென்றேன். மற்றவர்களுடையது சேலையை மடித்து முடிப்பதற்குள் நிரம்பிவிடும். என்னுடையது நாங்கள் கடையைப் பூட்டிக்கொண்டு வெளியே வரும் வரை அப்படியே கிடக்கும்.

“அக்கா, உங்கட குழிக்க தண்ணி ஊத்தி மீன் வளக்கலாம்” என்பாள் சித்தாண்டியில் இருந்து பஸ்ஸில் வரும் பெண். எங்களில் இளையவள் அவள்தான், வாய் மட்டும் மூத்தது.

நானும் சிரிப்பேன். பெருமையாகக்கூட இருந்தது என்றால் நம்புவீர்களா? எல்லாரையும்விட அதிகமாக உழைக்கிறேன் என்பதற்குக் காலே சாட்சி என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்வது.

தீபாவளி வியாபாரம் தொடங்கிய கிழமை எனக்குப் பொறுமை போயிற்று. ஒரு நாள் முற்பகல், கடை நிறையச் சனம் இருக்கும்போது, நான் நடுக்கடையில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கையில் பிரித்த சேலை அப்படியே இருந்தது. முதலாளி ஓடி வந்தார்.

“எழும்பு புள்ள, சனம் பாக்குது.”

“பாக்கட்டும் முதலாளி. என்ட காலையும் பாக்கட்டும்.”

பாவாடையைக் கொஞ்சம் உயர்த்தி, எல்லார் முன்னாலும் அழுத்திக் காட்டினேன். குழி விழுந்தது. சேலை பார்க்க வந்த ஒரு பள்ளிக்கூட ரீச்சர் “ஐயோ” என்றார். சித்தாண்டிக்காரி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு மற்ற நாலு பேரும். தீபாவளிக் கிழமையில் ஆறு பேரையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டு யாரை வைத்துச் சேலை விற்பார்? அடுத்த நாள் காலையில் ஆறு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்து இறங்கியது. முதலாளியின் முகத்தில் இருந்த கோபம் மட்டும் இறங்கவில்லை.

“நிண்டுதான் வீங்குது எண்டு சொன்னாய். பாப்பம். இருந்தும் வீங்கினா ஸ்டூல் எல்லாத்தையும் திருப்பித் தூக்கிருவன்.”

“தூக்குங்க. வீங்காது” என்றேன். அந்த வாய்க்குத்தான் பிறகு விலை கொடுத்தேன்.

இரண்டு கிழமைக்குள், பதினாலே நாளில், ஐந்து பேரின் காலும் வற்றிவிட்டது. ஆள் இல்லாத நேரம் உட்கார்ந்து, ஒரு காலைத் துணிக்கட்டின் மேல் நீட்டி வைத்தாலே போதுமாக இருந்தது. அழுத்தினால் குழி விழவில்லை. விளையாட்டே செத்துப்போனது. என் கால் மட்டும் வற்றவில்லை. முன்பு மாலையில் வீங்கியது இப்போது காலையில் எழும்பும்போதே இருந்தது. செருப்பு வார் பதிந்த தடம் நாள் முழுக்கப் போகாது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மறைத்தேன். நீளப் பாவாடை வாங்கினேன். ஒரு அளவு பெரிய செருப்புப் போட்டேன். சித்தாண்டிக்காரி விரலை நீட்டிக்கொண்டு வந்தால், “வத்திப்போச்சு புள்ள, போய் வேலையப் பாரு” என்று துரத்தினேன். என் கால் வீங்கியிருப்பது தெரிந்தால் ஸ்டூல் போய்விடும். ஐந்து பேரின் கால் என் ஒரு காலில் தொங்கிக்கொண்டு நின்றது.

வேறு அடையாளங்களும் இருந்தன. காலையில் கண்மடல் இரண்டும் உப்பியிருக்கும். நித்திரை கூடிவிட்டது என்று நினைத்தேன். சிறுநீரில் நுரை கட்டி, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் நிற்கும். கழிவறை கழுவும் மருந்தின் நுரை என்று நினைத்தேன். மனிதருக்குக் காரணம் கண்டுபிடிக்கச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

என் கணவர் வாவியில் வலை வீசுகிறவர். நாவற்குடாவில் எங்கள் வீட்டு முற்றத்தில் கருவாடு காயாத நாள் இல்லை. ஒரு நாள் காலை என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“நான் விடிஞ்சாப் பொழுதுபட்டாத் தண்ணிக்க நிக்கிறன். எனக்கு ஒரு வீக்கமும் இல்ல. ஸ்டூல்ல இரிக்கிற உனக்கு என்னத்துக்கு வீங்குது?”

நான் கத்தினேன். என் காலைப் பற்றி எனக்குத் தெரியாததா என்று கேட்டேன். கத்தி முடித்த பிறகு பயம் வந்தது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அடுத்த நாள் கடைக்கு உடம்பு வருத்தம் என்று சொல்லிவிட்டு, கல்லடிப் பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டொக்டர் என் மகளின் வயது இருக்கும் ஒரு பெண். அவரும் பெருவிரலை வைத்து அழுத்தினார், அவசரப்படாமல். எங்கள் விளையாட்டை இந்தப் பிள்ளையும் விளையாடுகிறதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. கேள்வி கேட்கத் தொடங்கினார்.

“ஒரு காலா, ரெண்டு காலுமா?”

“ரெண்டும்.”

“நடந்தா மூச்சு வாங்குதா அம்மா? மல்லாந்து படுக்க ஏலுமா, இல்ல தலகணி அடுக்கிப் படுக்கிறீங்களா?”

“ஒரு தலகணிதான். பாலத்த நடந்தே தாண்டுவன்.”

கழுத்து நரம்பைப் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். இருதயம் களைத்தாலும் கால் வீங்குமாம். பிறகு கண்மடலை இழுத்து வெள்ளையைப் பார்த்தார், மஞ்சள் இல்லை. வயிற்றைத் தட்டிப் பார்த்தார், நீர் இல்லை. ஈரல் கெட்டால் வயிறும் சேர்ந்து உப்புமாம். என்ன குளிசை, என்ன மாத்திரை போடுகிறேன் என்று கேட்டார், சில பிரஷர் குளிசைக்கும் கால் வீங்குமாம். ஒன்றும் போடுவதில்லை என்றேன், ஏதோ சாதனை மாதிரி. கடைசியில் ஒரு சின்னப் போத்தலைக் கையில் தந்தார்.

சிறுநீர்ப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு அவர் பேசியது எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.

“நிண்டு வாற வீக்கம் எண்டா படுத்தெழும்பக் குறையும். உங்கட உடம்புத் தண்ணி, நீங்க படுத்தா முகத்துக்குப் போகுது, எழும்பினாக் காலுக்கு வருது. இரத்தத்தில தண்ணியப் பிடிச்சு வைக்கிற புரதம் கிட்னியால ஒழுகி சிறுநீர்ல போகுது. நுரை அதுதான்.”

இரத்தமும் எடுத்தார்கள். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, எனக்கு எப்போதோ வந்து, சத்தம் போடாமல் வருடக்கணக்காகச் சிறுநீரகத்தைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. பிரஷரும் கூட. வீட்டுக்கு விடாமல் வார்டில் மறித்தார்கள். மற்றப் பரிசோதனைகளும் செய்து, நீர் போவதற்குக் குளிசையும் தந்து, நாளாந்தம் நிறை பார்த்தார்கள். உப்புக்குத் தடை. கருவாட்டுக்கு முழுத்தடை. அதைக் கேட்டதும் என் கணவர் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டொக்டர் அவரிடம்தான் சொல்லியிருந்தார்.

“டொக்டர், இவர் நாள் முழுக்கத் தண்ணிக்க நிக்கிறார். ஏன் வீங்கல்ல?” என்று நான் விடாமல் கேட்டேன்.

“தண்ணி வெளியில இருந்து காலை அமத்துது. நடந்துகொண்டும் நிக்கிறார். நீங்க அசையாம நிண்டநீங்க. கிட்னி பழுதான ஆளுக்கு அதுவும் சேர்ந்தா இன்னும் கூடும்.”

இந்தக் கடைசி வரியை நான் மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

மூன்று கிழமை கழித்துக் கடைக்குப் போனேன். ஸ்டூல் ஆறும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பின்னறையில் இருந்தது. என் வருத்தம் கேள்விப்பட்ட அன்றே முதலாளி தூக்கிவிட்டாராம்.

“சொன்னன்தானே புள்ள” என்றார், அனுதாபமாகவே. “உனக்குக் கிட்னி. என்ட கடைக்கும் உன்ட காலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

வார்டில் படுத்திருந்தபோது எனக்கு அழுகை வந்தது, பயம் வந்தது. இப்போது கடையில் கோபம் வந்தது. சுகமான கோபம். சித்தாண்டிக்காரியைக் கூப்பிட்டு வாடிக்கையாளரின் மெத்தை வாங்கில் இருத்தினேன். அவள் காலைத் தூக்கி என் மடியில் வைத்தேன். மூன்று கிழமை நின்ற கால், செருப்பு வார் ஆழமாகப் பதிந்திருந்தது.

“முதலாளி, இவக்குக் கிட்னி இல்ல. ஈரல் இல்ல. இருதயமும் இல்ல. ஸ்டூல் இரிக்கக்க வத்தியிருந்த கால் இது. வந்து அமத்திப் பாருங்க.”

அவர் வரவில்லை. பெண்ணின் காலைத் தொடுவாரா? காசுமேசையில் இருந்து அவர் மனைவிதான் எழும்பி வந்தார். பதினொரு வருடத்தில் அந்த மனுசி எங்களிடம் சேலை விலையைத் தவிர வேறு பேசியதில்லை. முழங்காலில் உட்கார்ந்து, பெருவிரலை வைத்து அழுத்தினார். எடுத்தார். குழி அப்படியே நின்றது. அடுத்தவளைக் கூப்பிட்டார், அதற்கடுத்தவளை. ஐந்து பேர் காலையும் அழுத்திப் பார்த்தார்.

“நான் சொன்னதில ஒரு பிழை இரிக்கு முதலாளி” என்றேன். “என்ட கால். அத நான் ஏத்துக்கொள்றன். மத்த அஞ்சு பேர்ட காலும் சரியாத்தான் சொன்னது. என்ட காலுக்கும் நிக்கிறது கூடாது எண்டு டொக்டர் சொன்னவ.”

முதலாளி வாயைத் திறந்தார். அவர் மனைவி அவரைத் திரும்பியும் பார்க்காமல் பின்னறைக்குப் போய் ஸ்டூல்களை இரண்டு இரண்டாகத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மாதம் ஒரு முறை, மருந்து எழுதும் கொப்பியோடு கிளினிக்குக்குப் போகிறேன். என் சிறுநீரகம் பழையபடி திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்கிறார்கள். காலையில் எழும்பியதும் கணுக்காலை அழுத்திப் பார்ப்பேன். சில நாள் குழி விழாது, சில நாள் விழும். விழுந்தால் மறைப்பதில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். முதலாளி கடைக்குள் வரும்போது மற்ற ஐந்து பேரும் பழக்கத்தில் இன்னும் ஸ்டூலை விட்டு எழும்பிவிடுகிறார்கள். நான் எழும்புவதில்லை.