தீபாவளித் தகட்டில் நின்றவர்

ஜப்பான்காரன் காலத்தில் மலாக்காவில் ஸ்டூடியோ வைத்திருந்தவர் என் கணவர். அவரைச் சயாம் ரயில் வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு கடையை நான் திறந்துவைத்தேன். இருட்டறை வேலையெல்லாம் கல்யாணமான நாளிலிருந்தே என் கையில்தான் இருந்தது. அவர் ஆட்களை நிறுத்திப் படம் பிடிப்பார், நான் கழுவி எடுப்பேன். ஆகவே அடையாள அட்டைக்கு முகம் பிடிக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கவில்லை.

தீபாவளிக்குச் சில நாள் முன்பு ராணுவ அலுவலகத்தின் மொழிபெயர்ப்பாளர் கடைக்கு வந்தார். தமிழர்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"காஜா பெராங்ல விளக்கு வெச்சி, வாணம் விட்டு, சனங்க சந்தோசமா நிக்கிற மாதிரி ஒரு படம் வேணுமாம். வெளிநாட்டுக்கு அனுப்புவாங்களாம். எண்ணெயும் வாணமும் அவங்களே தர்றாங்க."

"யாரு சந்தோசமா நிப்பாங்க?" என்றேன்.

"அத நீங்க என்கிட்ட கேக்காதீங்கம்மா. படம் மங்கலா வந்தாலோ, விளக்கெல்லாம் வெள்ளைத் திட்டா வந்தாலோ படம் கேட்ட ஜப்பான் அதிகாரி சும்மா விடமாட்டாரு. அவருக்கும் கேமரா தெரியும்."

காஜா பெராங்கில்தான் நாங்கள் குடியிருந்தோம். எங்கள் சந்தில் பாதி வீடுகள், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து வேரூன்றிய மலாக்காச் செட்டிமார் வீடுகள். மலாய் பேசுவார்கள், நடுவில் நம் சொல் நாலைந்து வரும். சாமி நம் சாமி. அடுத்த வீட்டுச் செட்டிப் பெண்ணின் புருஷனையும் என் கணவரை ஏற்றிய அதே லாரியில்தான் ஏற்றினார்கள். அவள் அதன் பிறகு வீட்டைப் பூட்டிவிட்டுத் தாய் வீட்டில் இருந்தாள். அந்த வாசலிலும் அகல் வைக்கச் சொல்லி உத்தரவு. பூட்டிய கதவு படத்தில் இருட்டாகத் தெரியக்கூடாதாம். எண்ணெய் ஊற்ற அவளே வந்தாள்.

படம் பிடிக்கப் புதுத் தகடு எங்கும் கிடைக்கவில்லை. கணவரின் அலமாரியில் சண்டைக்கு முந்தைய கண்ணாடித் தகடுகள் கொஞ்சம் இருந்தன. விளக்கை அவற்றில் நேராகப் பிடித்தால் வெளிச்சம் கண்ணாடியின் பின்பக்கத்தில் பட்டுத் திரும்பி, சுடரைச் சுற்றி ஒரு வெள்ளை வட்டம் போட்டுவிடும். அதற்குத் தகட்டின் பின்புறம் கருப்புப் பூச வேண்டும். தென்னை வெல்லமான குலா மலாக்காவைக் கருகக் காய்ச்சி, அதில் விளக்குக் கரியைக் குழைத்து, சிவப்பு விளக்கின் கீழ் இரண்டு தகடுகளுக்குப் பூசினேன். அந்த நாளில் வெல்லத்தைத் தீய விட்டதற்கு யாராவது பார்த்திருந்தால் திட்டியிருப்பார்கள். இரண்டையும் கேமராவில் மாட்டும் ஒரே உறையின் இரு பக்கமும் செருகிக்கொண்டேன்.

தீபாவளியன்று சாயங்காலம் கேமராவின் முக்காலியை வாய்க்கால்மேல் இருந்த பலகைப் பாலத்தில் வைக்காமல் செம்மண் தரையில் ஊன்றி, நடுவில் மணல் பை ஒன்றைத் தொங்கவிட்டேன். பலகையில் ஒரு ஆள் நடந்தாலே படம் அதிரும். கடல் காற்று அடங்கி, நிலக்காற்று தொடங்காத ஒரு சிறு நேரம் உண்டு. அப்போது சுடர் நிமிர்ந்து நிற்கும். வானமும் அப்போது விளக்கின் வெளிச்ச அளவுக்கு இறங்கியிருக்கும். கொஞ்சம் முன்னால் பிடித்தால் விளக்கு தெரியாது. கொஞ்சம் பிந்தினால் சுடரைத் தவிர மற்றதெல்லாம் கருப்பு.

சந்தில் அவரவர் வாசலில் பெண்களும் கிழவர்களும் நின்றார்கள். அசையக்கூடாது என்று மொழிபெயர்ப்பாளர் மலாயிலும் தமிழிலும் சொன்னார். அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அந்த வருஷம் எல்லாரும் அப்படித்தான் நிற்கப் பழகியிருந்தோம்.

காற்று நின்றது. லென்ஸின் துவாரத்தை நன்றாகச் சிறிதாக்கி, மூடியை எடுத்து, மனசுக்குள் எண்ணத் தொடங்கினேன். பாதி எண்ணிக்கைகூட வரவில்லை. சிப்பாய் ஒருவன் அவசரப்பட்டு ஒரு வாணத்தைப் பற்றவைத்துவிட்டான். அது சீறிக்கொண்டு மேலே போனதும் சந்து முழுக்க ஒரே ஓட்டம். குண்டு விழுவது போன்ற அந்தச் சத்தத்துக்கு ஓடாத சனம் அப்போது மலாக்காவில் கிடையாது. யாரும் கத்தவில்லை. செருப்புச் சத்தம் மட்டும். நான் மூடியைப் போட மறந்து நின்றேன். வாசல்கள் காலியாக, வரிசையாக அகல்கள் மட்டும் அசையாமல் எரிந்தன. நினைவு வந்து மூடினேன்.

ஓரமாக நின்ற ஜப்பான் அதிகாரி என்னைப் பார்த்தார். இரண்டாவது தகடு முன்னால் வர, நான் உறையைத் திருப்பிப் போட்டேன்.

"நான் கையைத் தூக்கற வரைக்கும் அடுத்த வாணம் விடக்கூடாதுன்னு சொல்லுங்க" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

ஆட்களை மறுபடி கூட்டி வந்து நிறுத்தினார்கள். முதலில் ஆட்களுக்கும் வானத்துக்குமாக ஒரு முறை திறந்து மூடினேன். நன்றாக இருட்டும் வரை கேமராவைத் தொடவில்லை. பிறகு லென்ஸுக்கு முன்னால் கருப்பு அட்டை ஒன்றைப் பிடித்து, சந்து தெரியும் கீழ்ப் பாதியை மறைத்துக்கொண்டு மூடியை எடுத்தேன். விளக்குகள் மேலும் வெளிச்சம் வாங்கி வீங்கக்கூடாது. வாணம் விரிந்து அணைந்ததும் மூடினேன். மூன்று வாணத்துக்கும் அப்படியே.

மறுநாள் பின்பூச்சைத் துடைத்துவிட்டு, மருந்தில் நிறையத் தண்ணீர் கலந்து நிதானமாகக் கழுவினேன். மருந்து நீர்த்திருந்தால் சுடர் முற்றி வெறும் வெள்ளையாகிப்போகாது. இரண்டாவது தகடு நல்லபடி வந்தது. ஒவ்வொரு சுடருக்கும் நுனி தெரிந்தது.

முதல் தகட்டையும் கழுவினேன். ஏன் என்று தெரியவில்லை. அச்சிட்டுப் பார்த்தபோது சந்தில் எல்லாரும் நின்றார்கள், ஆனால் அவர்கள் உடம்பின் ஊடாகப் பின்னாலிருந்த வாசற்கதவுகள் தெரிந்தன. தாழ்ப்பாள்கூடத் தெரிந்தது. பாதியில் ஓடியவர்கள் படத்தில் அப்படித்தான் விழுவார்கள், எனக்குத் தெரியும். ஆனால் பூட்டிய வீட்டு வாசலில் ஒரு ஆண் நின்றார். அவர் ஊடாகக் கதவு தெரியவில்லை. கெட்டியாக, கைகளைத் தொங்கவிட்டு, படியில் கால் பதித்து நின்றார். முகம் மட்டும் கலைந்திருந்தது. அந்த வாசலில் யாரையும் நிறுத்தவில்லை.

நான் இருட்டறைக் கதவைத் திறந்துவைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கணவர் எப்போதோ கருந்திரை முன்னால் நின்று லென்ஸைச் சோதித்து, அந்தத் தகட்டைக் கழுவாமல் அலமாரியில் வைத்திருக்கலாம். அப்படியானால் ஆள் மட்டும்தான் விழுவார், பின்னால் ஒன்றும் இராது. அதன்மேல் நான் மறுபடி பிடித்திருப்பேன். நடக்கக்கூடியதுதான். ஆனால் பாதம் சரியாகப் படியின் மேல் எப்படி வந்து நிற்கும்? வலது தோள் சற்று இறங்கியிருந்தது. என் கணவருக்கும் அப்படித்தான் இருக்கும்.

அடுத்த வீட்டுப் பெண்ணுக்குக் காட்டினேன். காட்டாமல் இருக்க முடியவில்லை. அவள் வாங்கிப் பார்த்து, விரலால் அந்த உருவத்தைத் தொடாமல் காற்றிலேயே தடவினாள்.

"இத்து லாக்கி சாயா" என்றாள். அது என் புருஷன் என்று.

"எப்படித் தெரியும்?"

"என் வீட்டு வாசல். வேற யார் நிப்பா?" என்று மலாயிலேயே கேட்டாள்.

நான் மறுக்கவில்லை. அவளுக்கு ஒரு பிரதி, எனக்கு ஒரு பிரதி போட்டேன். அன்று மாலையே அவள் பூட்டைத் திறந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். தினமும் படியில் ஒரு விளக்கு வைத்தாள். அந்தப் பக்கம் பார்க்காமல் நான் என் கதவைச் சாத்துவேன்.

அதிகாரி இரண்டாவது படத்தை வாங்கிக்கொண்டு நெடுநேரம் பூதக்கண்ணாடியில் பார்த்தார். சுடர்களைப் பாராட்டினாராம். பிறகு மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"ஏன் ஒருத்தர்கூடச் சிரிக்கலைன்னு கேக்குறாரு."

"அசையக் கூடாதுன்னு சொன்னீங்களே" என்றேன்.

சண்டை முடிந்து அடுத்த வீட்டுக்காரியின் புருஷன் திரும்பி வந்தார். எலும்பும் தோலுமாக. அவள் ஓடிப்போய்ப் படத்தை எடுத்துவந்து நீட்டினாள். அவர் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இது நான் இல்லை" என்று மட்டும் சொல்லிப் படத்தை என் கையில் கொடுத்தார்.

என் கணவர் வரவில்லை. இரண்டு பிரதிகளும் என்னிடம்தான் இருக்கின்றன.