செஞ்சியில் ஆறரை, கொலம்பசில் எட்டு

மணிமொழி சிங்கவரத்துக் கடலை விவசாயி ராஜாங்கத்தின் மூத்த மகள். விழுப்புரத்தில் பொறியியல் படித்து, சென்னை நிறுவனம் ஒன்றில் ஒப்பந்த முறையில் வேலைக்குச் சேர்ந்தவள். செஞ்சியில், திருவண்ணாமலை சாலையை ஒட்டிய ஒரு மாடி அறையிலிருந்தே அந்த வேலையைச் செய்துவந்தாள். அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்திலுள்ள சில மருத்துவ நிலையங்களின் நோயாளிப் பதிவுகளைப் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாற்றும் திட்டத்துக்கு அவளே ஒருங்கிணைப்பாளர்.

பகலில் சென்னைக் குழு வேலை செய்யும். மாலையில் மணிமொழி அன்றைய நிலையைக் குறிப்பாக எழுதுவாள்: முடிந்தது எது, முடியாதது எது, அந்தப் பக்கத்தார் முதலில் செய்யவேண்டியது எது. மாலை ஆறரைக்குக் கொலம்பசில் காலை ஒன்பது. அங்குள்ள பொறுப்பாளர் டேனியல் வேலைக்கு வருவார். இரண்டு மணி நேரம் இரு தரப்பும் சேர்ந்திருக்கும். அதற்குள் கேள்வி பதில் முடிந்து வேலை கைமாறிவிடும். மார்ச் முதல் அக்டோபர் வரை இந்த ஏற்பாடு ஒரு நாளும் பிசகவில்லை. பிசகாத ஏற்பாட்டைத் திரும்பிப் பார்க்க அவளுக்கும் தோன்றவில்லை.

உண்மையான பதிவுகளை மாற்றும் ஓட்டம் நவம்பர் முதல் வாரத்துத் திங்கட்கிழமை இரவு ஏழு மணிக்கு என்று குறிக்கப்பட்டிருந்தது. அது சென்னை மேலாளர் விக்ரமனின் குடும்ப ஜோதிடர் கணித்துக் கொடுத்த நேரம். இந்திய நேரப்படியே திட்டத்தில் எழுதினாள் மணிமொழி. எழுதியது செப்டம்பரில். டேனியல் ஆறரைக்கு வந்துவிடுவார், கடைசியாக ஒருமுறை பார்க்க அரை மணி நேரம் இருக்கும் என்பது அவள் கணக்கு. நோயாளிகளின் தகவல் என்பதால் ஓட்டத்தைத் தொடங்கவும் நிறுத்தவும் மருத்துவ நிலையத்தாருக்கே உரிமை உண்டு. டேனியல் வெள்ளிக்கிழமையே அதை இந்திய நேரப்படி முடுக்கிவைத்துவிட்டார். குறித்த நேரத்தில் அது தானாகவே ஓடும்.

திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சோதனைப் பிரிவிலிருந்து பிரவீணா அழைத்தாள். பெயர் மாற்றிய மாதிரிப் பதிவுகளில் ஒரு பிழை அகப்பட்டிருந்தது. குடும்பப் பெயரும் பிறந்த தேதியும் முகவரியும் ஒன்றாக இருந்தால் இருவரையும் ஒரே ஆளாகக் கருதி மென்பொருள் இணைத்துவிடுகிறது.

"அக்கா, ரெட்டைப் பிள்ளைங்க அத்தனை பேரும் ஒண்ணாயிடுவாங்க. ஒருத்திக்குப் பென்சிலின் ஒத்துக்காதுன்னு இருக்கிற குறிப்பு அழிஞ்சே போயிடுது."

மணிமொழி பதறவில்லை. ஒப்படைப்புக் குறிப்பின் முதல் வரியில், 'ஓட்டத்தை நிறுத்தவும். வேறு எதையும் அதற்கு முன் செய்யவேண்டாம்' என்று எழுதி அனுப்பினாள். ஊருக்குப் பேருந்து வரும்வரை மழைக்கு ஒதுங்கி மாடிக்கு வந்திருந்த தந்தைக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள்.

ஆறரை ஆயிற்று. திரையில் டேனியலின் பெயருக்கருகே, அவர் வந்ததைக் காட்டும் பச்சைப் புள்ளி தோன்றவில்லை. ஐந்து நிமிடம் பொறுத்தாள். பிறகு அந்தப் பெயரைத் தொட்டாள். கீழே சிறிய எழுத்தில் அவருடைய ஊர் நேரம் தெரிந்தது: காலை 8.05.

கையிலிருந்த தம்ளரை மேசையில் வைக்க இடம் தெரியாமல் அவள் நின்றாள்.

"இன்னாம்மா, மூஞ்சி வெளுத்துப் போச்சு? கரண்டு இருக்குது, நெட்டு இருக்குது, அப்புறம் இன்னா?" என்றார் ராஜாங்கம்.

"அமெரிக்காவுல நேத்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளிட்டாங்க நைனா. குளிர்காலம் வந்தா தள்ளுவாங்க. நான் மறந்தே போயிட்டேன்."

"தள்றதுன்னா? சூரியன் ஒத்துக்கிச்சா?"

அவள் சிரிக்கவில்லை. டேனியல் ஏழரைக்குத்தான் வருவார். ஓட்டம் ஏழுக்கே தொடங்கிவிடும். ஐந்து மணிக்கே அவரை அழைத்து எழுப்பியிருக்கலாம். அந்த ஒன்றரை மணி நேரத்தைத் தேநீரோடு குடித்துத் தீர்த்திருந்தாள்.

விக்ரமனை அழைத்தாள்.

"டேனியல் கரெக்டா வந்துடுவாரு. டென்ஷன் ஆகாதீங்க மணிமொழி."

"சார், அங்க கடிகாரம் மாறிடுச்சு. அவர் வர்றதுக்கு முன்னாடியே ரன் ஆயிடும். வீட்டுக்குத்தான் போன் பண்ணணும்."

"காலங்காத்தால கிளையன்ட் வீட்டுக்கா? நம்ம தப்பை நாமளே தண்டோரா போடறதா? நான் ஒரு மெயில் போடறேன். நீங்க எதுவும் பண்ணாதீங்க. உங்க கான்ட்ராக்ட் டிசம்பர்ல ரினியூவல், ஞாபகம் இருக்கட்டும்."

திட்டத்தில் அவசர அழைப்புக்கென்று இருந்த கட்டத்தில், இரு தரப்புக்கும் விக்ரமனின் எண்ணே எழுதப்பட்டிருந்தது. டேனியலின் எண் அவருடைய மின்னஞ்சலின் அடியில் கிடைத்தது. மணிமொழி அதை அழுத்தினாள். இந்த இணைப்பில் வெளிநாட்டு அழைப்பு வசதி இல்லை என்று ஒரு பெண்குரல் நிதானமாக அறிவித்தது. இத்தனை மாதங்களும் அவள் கணினி வழியாகவே பேசிவந்தாள்; அந்த வசதி தேவைப்பட்டதே இல்லை. அதற்கான ரீசார்ஜைத் தேடிப் பணம் செலுத்தினாள். பதற்றத்தில் ரகசிய எண்ணை இருமுறை தவறாக அடித்தாள். வசதி வந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி கிடைத்தபோது ஏழு மணிக்குச் சில நிமிடங்களே இருந்தன.

மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். வெளியே, சிங்கவரம் வழியாகப் போகும் மேல்மலையனூர்ப் பேருந்து ஒலி எழுப்பியது. ராஜாங்கம் எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் முறை டேனியல் எடுத்தார். கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அவள் வணக்கம் கூடச் சொல்லவில்லை. "ஓட்டத்தை நிறுத்துங்கள். இரட்டைப் பிள்ளைகளின் பதிவுகள் கலக்கின்றன. ஒவ்வாமைக் குறிப்பு அழிகிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மறுமுனையில் கார் நிற்கும் ஓசை கேட்டது. பின்னிருக்கைப் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து, கைப்பேசி வழியாக இணைப்புப் பெற்று, இரண்டு கடவுச்சொற்களைத் தாண்டி அவர் உள்ளே நுழைவதற்குள் ஏழு கடந்துவிட்டது.

"நிறுத்திவிட்டேன்" என்றார். பதிவுகளைப் பார்த்துவிட்டு, "ஆனால் கொஞ்சம் ஓடிவிட்டது. நான்கு ஜோடி இரட்டையர் இணைந்துவிட்டார்கள். ஒரு நிலையம் இப்போது திறந்திருக்கிறது. அங்கே பேசிவிட்டு வருகிறேன்" என்று தொடர்பைத் துண்டித்தார்.

அதன் பிறகு நேர்ந்த காத்திருப்பை மணிமொழி எவரிடமும் விரிவாகச் சொன்னதில்லை. முகம் தெரியாத ஏதோ ஒரு குழந்தையின் கை, அதைத் துடைக்கும் பஞ்சு, திரையைப் பார்த்துத் தலையசைக்கும் செவிலி. இவையே திரும்பத் திரும்பக் கண்முன் வந்தன. விக்ரமனின் அழைப்புகள் வந்து வந்து அடங்கின.

"தண்ணியாவது குடி," என்றார் ராஜாங்கம். "நீ மருந்து குடுக்கலியே, அவங்கதானே குடுக்குறாங்க."

"நான் எழுதுன நேரத்துல ஓடுன பதிவைப் பார்த்துத்தான் குடுப்பாங்க நைனா."

அவர் தண்ணீரை அவளருகில் வைத்தார்.

டேனியலின் செய்தி வந்தது. இணைந்தவர்களில் ஒரு சிறுமி தொண்டை வலியோடு அன்று காலை வந்திருந்தாள். மருந்து எழுதப்பட்டுவிட்டது, கொடுக்கப்படவில்லை. பழைய பதிவிலிருந்து ஒவ்வாமைக் குறிப்பைச் செவிலியிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார். அந்த நான்கு இணைப்புகளையும் காப்புப் பிரதியைக் கொண்டு பிரித்துக்கொண்டிருக்கிறார்.

மணிமொழி திரையை அணைக்காமல் தரையில் உட்கார்ந்தாள்.

மறுநாள் கூட்டத்தில் விக்ரமன் அவளுடைய பெயரைக் குறிப்பிடாமலேயே 'வரம்பு மீறல்' பற்றிப் பேசினார். ஜோதிடரிடம் புதிய நேரம் கேட்டிருப்பதாகவும், வியாழக்கிழமை சொல்வதாகவும் அறிவித்தார்.

"நேரம் எதுவா வேணா இருக்கட்டும் சார்," என்றாள் மணிமொழி. "ரெண்டு ஊர் நேரத்தையும் எழுதுவேன். ஆனா தானா ஓடக் கூடாது. டேனியல் என் குறிப்பைப் படிச்சு, 'ஏத்துக்கிட்டேன்'னு பதில் போட்டு, அவர் கையால அழுத்தணும். பதில் வரலைன்னா அன்னிக்கு ஓட்டம் கிடையாது."

"அனுப்பினாலே ஒப்படைச்ச மாதிரிதானே?"

"நேத்து நானும் அப்படித்தான் சார் நினைச்சேன்."

கூட்டத்தில் இருந்த டேனியல், தமக்கும் அதுவே வேண்டும் என்றார். விக்ரமன் குறித்துக்கொண்டார்.

டிசம்பரில் ஒப்பந்தம் மூன்று மாதங்களுக்கு மட்டும் நீட்டிக்கப்பட்டது. மார்ச் மாத இரண்டாம் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை முன்னே தள்ளுவார்கள். அப்போது தான் வேலையில் இருப்போமா என்பது அவளுக்குத் தெரியாது. தன் இடத்துக்கு யார் வந்தாலும் முதலில் படிக்கும்படி அந்தத் தேதியைத் திட்டத்தின் தலைப்பிலேயே எழுதிவைத்தாள். பின்னர் டேனியலுக்கு அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்தாள்.