காலைக்காரர்கள் எத்தனை பேர் புதுப்பிப்பார்கள்

கணவர் டோஹாவில். மகள் பேராதனையில் படிக்கிறாள். வீட்டில் நான் ஒருத்திதான். காலையில் எழுந்து ஒரு கோப்பை தேத்தண்ணீர் போட்டால் அதைக் குடிக்கவும் நான்தான், கோப்பையைக் கழுவவும் நான்தான். அதனால்தான் கல்முனையில் எங்கள் பெண்கள் உடற்பயிற்சிக் கழகத்தில் கணக்குப் பார்க்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் சம்பளத்தைக்கூடக் கேட்காமல் ஓம் என்றேன். திருமணத்துக்கு முன் ஒரு வங்கியில் சில வருடம் வேலை செய்திருந்தேன். கணக்கு எனக்குப் பயமில்லை.

கழகம் பிரதான வீதியில் ஒரு துணிக்கடையின் மேல்மாடி. ஜன்னல்களுக்குக் கனத்த திரை, வாசலில் ஆண்களுக்கு அனுமதியில்லை என்று ஒரு பலகை. அங்கத்தவர்கள் ஜனவரியில் ஒரு வருடக் கட்டணம் கட்டவேண்டும். பன்னிரண்டாயிரம் ரூபா. இடையில் சேருகிறவர்கள் மீதமுள்ள மாதங்களுக்கு மட்டும் கட்டுவார்கள்.

மாலையில் வருகிறவர்கள் இளம்பெண்கள். வியர்க்க வியர்க்க ஓடிவிட்டுப் போவார்கள். காலையில் வருகிறவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டோ, பிள்ளைகளே வீட்டில் இல்லாமலோ வருகிறவர்கள். அவர்கள் ஓட்ட இயந்திரத்தில் ஏறி நின்று கதைப்பார்கள். ஓய்வுபெற்ற தாதி ஒருவர் இருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை மிஸி என்றே கூப்பிடுவோம். யாருடைய முழங்கால் வீங்கினாலும், யாருடைய மருமகள் கோபித்துக்கொண்டு போனாலும் மிஸியிடம் ஒரு யோசனை இருக்கும். கணக்குக் கொப்பிகளை வைத்துக்கொண்டு நானும் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். அந்த மூன்று மணித்தியாலம்தான் எனக்கு நாள்.

கார்த்திகை மழை தொடங்கிய நேரம் கட்டட உரிமையாளர் வாடகையைக் கூட்டினார். கழகத் தலைவி என்னைக் கூப்பிட்டார். வயதில் என்னைவிட இளையவர், அக்கா முறையில் என்னை ராத்தா என்பார், கடனெடுத்து இந்தக் கழகத்தை உருவாக்கியவர்.

"ராத்தா, வாற வருஷம் பதினையாயிரம் ஆக்கப்போறன். இப்ப நூற்றைம்பது பேர் இரிக்கிறாங்க. புதுசா நாப்பத்தைஞ்சு பேர் வருவாங்க. இருபத்தொம்பது லட்சம் வருமே. புது மெசின் ரெண்டு எடுக்கலாம்."

"எல்லாரும் திரும்பக் கட்டுவாங்களா?"

"ஏன் கட்டமாட்டாங்க?"

போன வருடங்களின் ரசீதுகளை எடுத்து உட்கார்ந்தேன். ஒரு தடவை புதுப்பித்தவர்களில் ஐந்து பேருக்கு நான்கு பேர் மறுபடி புதுப்பித்திருந்தார்கள். அவ்வருடமே புதிதாகச் சேர்ந்தவர்களில் பாதிப்பேர்தான் நின்றார்கள். நூற்றைம்பது பேரில் நூறு பேர் பழையவர்கள், ஐம்பது பேர் புதியவர்கள். கட்டணம் மாறாவிட்டாலே நூற்றைந்து பேர்தான் திரும்ப வருவார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் பெரும்பாலும் நோன்புப் பெருநாளுக்குப் பிறகுதான் வருவார்கள். முன்பின்னாகச் சேருவதால் ஆளுக்குச் சராசரியாக அரை வருடக் கட்டணம்தான் கைக்கு வரும்.

கட்டணம் கூடினால் என்ன ஆகும் என்பதை ரசீதுகள் சொல்லாது. அதற்கு முன் ஒருபோதும் கட்டணம் கூடியதில்லை. ஆகவே ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கேட்டேன். வீட்டில் என் குரல் அவ்வளவு நேரம் கேட்டது அந்த ஒரு வாரம்தான்.

மாலைக்காரர்களில் அநேகமாக யாரும் தயங்கவில்லை. "பரவால்ல ராத்தா" என்றார்கள். காலைக்காரர்கள் முதலில் என் சுகத்தை விசாரித்தார்கள், மகளை விசாரித்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, மகனிடம் கேட்க வேண்டும் என்றார்கள்.

மிஸி சுற்றி வளைக்கவில்லை.

"நான் வரமாட்டன் புள்ள. பென்சன்ல மருந்துக்குப் போனா மிச்சம் அவ்வளவுதான்."

"வாய்க்கு ஓம் எண்டு சொல்லி வைங்களன் மிஸி. பிறகு பாப்பம்."

"பொய்க் கணக்குக்கு என்னைச் சேர்க்காத."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

காலை நாற்பது பேரில் பழைய கட்டணத்தில் இருபத்தெட்டுப் பேர் நிற்பார்கள், புதிய கட்டணத்தில் பதினெட்டுப் பேர். மாலையில் எப்படியும் நிற்கக்கூடிய எழுபத்தேழு பேரில் எழுபத்துநான்கு. புதிதாகச் சேருகிறவர்களும் கொஞ்சம் குறைவார்கள் என்று நாற்பதாக வைத்தேன். எல்லாம் கூட்டினால் பதினாறு லட்சத்து எண்பதாயிரம். வரப்போகிற செலவோ பதினாறரை லட்சம். மயிரிழையில் தப்பும். புது இயந்திரம் கிடையாது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த மனம் வரவில்லை. காலைக்கு மட்டும் பழைய கட்டணத்தை விட்டுவிட்டால் என்ன என்று இன்னொரு கணக்குப் போட்டேன். மிஸி இருப்பார், எல்லோரும் இருப்பார்கள். ஆனால் மாலைக்காரர்களிடம் மறுபடி கேட்டபோது ஏறக்குறைய பாதிப்பேர், குறைவென்றால் காலையிலேயே வந்துவிடுகிறோம் என்றார்கள். புதிதாகச் சேருகிறவர்களும் அதைத்தான் எடுப்பார்கள். மொத்தம் பதினைந்து லட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டவில்லை. மாறுகிறவர்களின் எண்ணிக்கையை மூன்றிலொரு பங்காகக் குறைத்துப் போட்டால் கணக்கு நேராகிவிடும். யாரும் கேட்கப்போவதில்லை. கணினியின் முன் அந்த எண்ணில் விரலை வைத்தபடி வெகுநேரம் இருந்தேன். தலைவி பட்ட கடன் நினைவுக்கு வந்தது. மாற்றவில்லை.

இரண்டு கணக்கையும் அவர் முன் வைத்தேன். அவர் மெதுவாக வாசித்தார்.

"நீங்க என்ன சொல்றீங்க ராத்தா?"

"கூட்டித்தான் ஆகணும். ரெண்டாவது கணக்கில கழகம் நிக்காது."

"காலைல உங்கட கூட்டம் போயிரும்."

"ஓம். தெரியும்."

அவர் என் கையைப் பிடித்தார்.

ஜனவரி முடியும்போது தொண்ணூறு பேர் புதுப்பித்திருந்தார்கள். நான் எழுதியதைவிட இரண்டு பேர் குறைவு. காலையில் பதினைந்து பேர், மாலையில் எழுபத்தைந்து. பெருநாளுக்குப் பிறகு சேர்ந்தவர்கள் அந்தக் குறையை அடைத்துவிட்டார்கள். கழகம் தப்பியது. தலைவி எல்லோரிடமும் என் கணக்கைப் பற்றிப் புகழ்ந்தார்.

காலையில் கதவைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு உட்காருவேன். கட்டியிருந்த பதினைந்து பேரும் ஒருநாளும் ஒன்றாக வரமாட்டார்கள். ஒருத்தி வருவாள், நடப்பாள், நேரமாயிற்று என்று போய்விடுவாள். கீழே துணிக்கடைக்காரர் விலை பேசுவது தெளிவாகக் கேட்கும். முன்பு அந்தச் சத்தம் மேலே ஏறி வந்ததே இல்லை. ஆறு மாதத்தில் தலைவி காலை நேரத்தை மூடினார். மின்சாரச் செலவு குறைந்தது. அதையும் நான்தான் கணக்குப் பார்த்துச் சொன்னேன்.

இப்போது மாலையில் போகிறேன். பிள்ளைகள் மரியாதையாக ஸலாம் சொல்லிவிட்டுக் காதில் பாட்டுக் கருவியைச் செருகிக்கொள்வார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மிஸியின் வீட்டுக்குப் போனேன். மருதமுனையில், கடலுக்குக் கிட்ட. என்னைக் கண்டதும் சந்தோஷப்பட்டார். தேத்தண்ணீர் வந்தது, இனிப்புத் தொதல் வந்தது. முழங்காலை விசாரித்தேன், அவர் மகளை விசாரித்தார். அதன்பின் இருவருக்கும் கதை வரவில்லை. கழகத்தில் மணிக்கணக்காகக் கதைத்த நாங்கள்தான். மற்றவர்கள் நடுவில் இருந்தால்தான் எங்களுக்குள் கதை ஓடியது என்று அப்போதுதான் விளங்கியது.

"பொழுதோட போ புள்ள, பஸ் குறைஞ்சிரும்" என்றார்.

வீதிவரை வந்து, பஸ் வரும்வரை என்னோடு நின்றார். அந்த நேரம் கொஞ்சம் கதைத்தோம், காற்றைப் பற்றி, மீன் விலையைப் பற்றி. பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து டோஹாவில் இருக்கும் கணவருக்குத் தொலைபேசி எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரமாயிருக்கும்.