பிரட்டுக்கு முன்னா, பால் நிறுத்த பின்னா?

பிள்ளைகளே, இந்த நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கங்களை நம்ப வேண்டாம். எழுதியது நான்தான். மூன்றாம் வகுப்பு வரை படித்த கை, கோணல் எழுத்து. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொய்யைப் பொறுக்க முடியாது.

உங்கள் பெரியக்கா தவழ ஆரம்பித்த சமயம் அது. நாங்கள் எப்படி வாழ்ந்தோம் என்று நீங்கள் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும், அதில் ஒரு சொல்லும் தப்பாக இருக்கக் கூடாது என்று எனக்கு ஆசை. எங்கள் ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பிரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்தி வேலைக்குப் பெயர் கூப்பிடுவார்கள். அதற்கு முன் விளக்கடியில் எழுதினேன். மனசு தெளிவாக இருக்கும், பக்கம் பக்கமாக வரும். வேலை முடிந்தால் அலுப்பில் எழுத வராது என்று, 'இன்று மரம் நன்றாக வெட்டினேன், பால் நிறைய' என்று அந்த நாளையும் முன்னாலேயே எழுதி வைத்துவிட்டுப் போவேன்.

ஒருநாள் அப்படி எழுதி முடித்ததும் மழை கொட்டியது. மரம் நனைந்தால் பட்டையைக் கீறிப் பால் எடுக்க முடியாது, வெட்டு இல்லை. உங்கள் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்டுவேன். வாசித்தேன்.

"எந்தத் தோட்டத்துல வெட்டுனீங்க? இங்க ஒரு மரமும் காயலையே."

எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

அதன் பிறகு, பாலை நிறுத்துக் கொடுத்துக் குளித்துவிட்டு, வெயில் இறங்கும்போது எங்கள் லயத்து வீட்டு வாசலில் எழுதிப் பார்த்தேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. 'மண்டோர் திட்டினார். கை வலி.' மறுநாளும் வேலையை மேற்பார்க்கும் அந்த மண்டோரின் திட்டு, அதே கை வலி.

"இதப் படிச்சா, அப்பா தினம் திட்டு வாங்குன ஆளுன்னுதான் புள்ளைங்க நெனைக்கும்" என்றாள் உங்கள் அம்மா.

"வேற என்னத்த எழுத?"

"என்னையும் கேளுங்க. பகல்ல நானும் உயிரோடதான் இருந்தேன்."

அதற்குப் பிறகு இருவரும் உட்கார்ந்து, காலையிலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினோம். காலை எழுத்தின் ஓட்டம் இதில் இல்லைதான். அதில் இருந்ததெல்லாம் என் ஆசை. இதில்தான் எங்கள் நாள் இருந்தது. நம் நோட்டுக்குச் சாயங்காலமே சரி என்று முடிவு செய்தேன்.

ஒரு சாயங்காலம் பெரியக்கா பிடித்து நின்ற பால் வாளியை விட்டுவிட்டுத் தன்னால் நடந்தாள். அம்மா மடிவரை வந்து பொத்தென்று உட்கார்ந்தாள். அங்கேயே எழுதி வாசித்தேன்: 'மூன்று எட்டு நடந்தாள்.'

"நாலு" என்றாள் உங்கள் அம்மா. "கடைசியில சாஞ்சுக்கிட்டே ஒண்ணு வச்சாளே, அத விட்டுட்டீங்க."

ஆமாம், நானும் பார்த்தேன். உடனே அடித்துத் திருத்தினேன். மறுநாள் பிரட்டுக்கு முன் எழுதியிருந்தால் அந்த நாலாவது எட்டு மறந்து போயிருக்கும்.

அந்த அடித்தலை மட்டும் அழிக்காமல் வையுங்கள். நோட்டிலேயே எனக்குப் பெருமையான இடம் அதுதான்.